ஆகஸ்ட்டில் செய்த ஃபேன்கள்: ஒரு வாரண்டி அறிக்கையின் கதை

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அதாவது 2024 செப்டம்பர் தொடக்கத்தில், முதலாளி ஒரு கேள்வி கேட்டார்: "இந்த 48 அங்குல சீலிங் ஃபேனுக்கு ஏன்யா இவ்வளவு கம்ப்ளைன்ட்?" அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. எப்படிப் பதில் கிடைத்தது, நடுவில் எங்கெல்லாம் வழி தவறினேன் என்பதை எழுதி வைக்கிறேன். நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில், காக்கி புக்கிட் பக்கம் ஒரு சின்ன இறக்குமதி நிறுவனத்தில், சர்வீஸ் பிரிவின் கணக்கு வழக்கெல்லாம் என் பொறுப்பு. ஃபேன் செய்யும் ஆலை வெளிநாட்டில். பெயர்கள் வேண்டாம். எண்களையும் மாடல் குறியீட்டையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், ஆனால் அவற்றுக்கு இடையிலான விகிதம் நடந்தது நடந்தபடிதான்.

முதலில் கையில் இருந்தது ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இந்த மாடலுக்கு வந்த 176 வாரண்டி கோரிக்கைகள். மாதவாரியாகப் போட்டுப் பார்த்தால் ஏப்ரல், மே இரண்டிலும் மலை மாதிரி ஏறி, ஜூலையில் இறங்குகிறது. இதைப் பார்த்த எல்லாருக்கும் உடனே ஒரு விளக்கம் தோன்றிவிட்டது, எனக்கும்தான்: ஏப்ரல் மே புழுக்கம், வீட்டில் ஃபேன் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது, அதனால் கம்ப்ளைன்ட். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் கம்ப்ளைன்ட் வந்த மாதம் என்பது வாடிக்கையாளர் போனை எடுத்த மாதம், அவ்வளவுதான். ஃபேன் எப்போது செய்யப்பட்டது, எப்போது மாட்டப்பட்டது, எத்தனை மாதம் ஓடியது என்று எதுவுமே அதில் இல்லை. ஜனவரியில் நிறைய விற்றிருந்தால் ஏப்ரலில் நிறைய கம்ப்ளைன்ட் வரும், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இரண்டாவது விளக்கம் இன்னும் மோசமாக வழி கெடுத்தது. கோரிக்கைகளில் ஒரு கொத்து, புங்கோலில் பக்கத்துப் பக்கத்து பிளாக்குகளில் இருந்து வந்திருந்தது, புதிதாகச் சாவி வாங்கிய பிடிஓ வீடுகள், எல்லாவற்றுக்கும் ஃபேன் மாட்டியது ஒரே ரெனவேஷன் குத்தகைக்காரர். "அந்த ஆள் வயரிங் சரியில்லை" என்று விற்பனைப் பிரிவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள், அவருக்குக் கடிதம் போடும் நிலைமை வரைக்கும் போனது. நல்லவேளை, போடவில்லை.

சரி, அறிக்கைக்கு வருகிறேன். செய்ய வேண்டியது சொல்வதற்கு எளிது: ஒவ்வொரு கோரிக்கையையும் அந்த ஃபேன் செய்யப்பட்ட மாதத்தோடும் பேட்ச்சோடும் இணைக்க வேண்டும், பிறகு அந்த மாதத்தில் செய்ததில் எத்தனை விற்றோமோ அதால் வகுக்க வேண்டும். எங்கள் சீரியல் நம்பர் `CF48-2308-B2-0347` என்ற மாதிரி இருக்கும். 2308 என்றால் 2023 ஆகஸ்ட், B2 என்றால் அந்த மாதத்தின் இரண்டாவது பேட்ச், கடைசி நான்கு இலக்கம் ஃபேனின் வரிசை எண்.

சிக்கல் எங்கே என்றால் அந்த சீரியல் ஸ்டிக்கர் மோட்டாரின் மேல்பக்கம் ஒட்டியிருக்கும். மாட்டிய பிறகு கீழே இருந்து பார்த்தால் தெரியாது. வாடிக்கையாளர் போன் பண்ணும்போது ரசீதைத்தான் பார்ப்பார், வாங்கிய தேதியைச் சொல்வார், சர்வீஸ் எடுக்கும் பெண்ணும் அதையே எழுதுவார். வாங்கிய தேதியை வைத்தே செய்த மாதத்தை ஊகித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். கிடங்கு அக்காவிடம் போய்க் கேட்டதும் அந்த ஆசை போய்விட்டது. புது கன்டெய்னர் வந்தால் பழைய பெட்டிகளுக்கு முன்னால்தான் அடுக்குவார்கள், இடம் அவ்வளவுதான், ஆகவே கடைசியாக வந்தது முதலில் போகும். ஒரே வாரத்தில் வாங்கிய இரண்டு பேருக்கு ஒருவருக்கு ஜூனில் செய்தது, இன்னொருவருக்கு ஆகஸ்ட்டில் செய்தது போயிருக்கிறது. வாங்கிய தேதி இந்த வேலைக்கு உதவாது.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. 176-இல் 9 இரட்டைப் பதிவு போலத் தெரிந்தன, ஒரே வீடு, ஒரே சீரியல், இரண்டு முறை. போனில் ஒரு தடவை, வாட்ஸ்அப்பில் ஒரு தடவை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து நீக்கினேன். (இந்த 9-ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.) மீதி 167. இதில் பழுது வகை என்ற பத்தியைப் பார்த்தால் தலை சுற்றும். 'ஸ்பீடு கம்மி', 'ரெகுலேட்டர் மாற்றப்பட்டது', 'மோட்டார் வீக்', 'சுற்றவில்லை', 'கையால் தள்ளினால் சுற்றுகிறது', 'ஒன்றாம் நம்பரில் நிற்கிறது' என்று ஆறு விதமாக எழுதியிருந்தார்கள். எங்கள் மூத்த டெக்னீஷியன், எல்லாரும் அண்ணே என்று கூப்பிடுபவர், அந்தப் பட்டியலை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஆறு வியாதி இல்ல, ஒரே வியாதி. எல்லாம் கப்பாசிட்டர் கேஸு."

அவர் சொன்னதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மேலே போனால் புரியாது. இந்த வகை ஏசி ஃபேன் மோட்டாரில் இரண்டு சுருள் இருக்கும். இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிக் கொடுப்பது கப்பாசிட்டர்தான், அந்த முன்பின் வித்தியாசம் இருந்தால்தான் மோட்டாருக்குச் சுற்றும் விசை வரும். எங்கள் ஃபேனில் இருப்பது 2.5 மைக்ரோஃபாரட். அது குறையக் குறைய ஃபேன் ஒரேயடியாகச் சாகாது, சோர்ந்து போகும். ஐந்தில் வைத்தால் மூன்றில் வைத்த மாதிரி ஓடும், ஒன்றில் வைத்தால் கிளம்பவே கிளம்பாது, கையால் தள்ளிவிட்டால் சுற்றும். வாடிக்கையாளருக்கு இது ரெகுலேட்டர் கோளாறு போலத் தெரியும், அவசரத்தில் இருக்கும் டெக்னீஷியனுக்கும் அப்படியே தெரியும். இப்படி எழுதியவற்றையெல்லாம் ஒரே வகையாகச் சேர்த்து, ஆட்டம், சத்தம், ரிமோட், பெயின்ட் உரிதல் போன்ற 58-ஐத் தள்ளி வைத்ததும் 109 மிஞ்சியது.

109-இல் 34-க்குச் சீரியலே இல்லை. அந்த வீடுகளுக்கு நானே போன் போட்டேன். சிலர் பெட்டியை இன்னும் ஸ்டோர் அறையில் வைத்திருந்தார்கள், பெட்டியிலும் அதே ஸ்டிக்கர் உண்டு, படம் எடுத்து அனுப்பினார்கள். ஈசூனில் ஒரு பாட்டி பேரனை ஏணியில் ஏற்றிப் படம் எடுத்துக் கொடுத்தார், வேண்டாம் பாட்டி என்று நான் சொல்வதற்குள் எடுத்தே முடித்துவிட்டார். இப்படி 22 கிடைத்தன, 12 கடைசி வரை கிடைக்கவில்லை. கையால் எழுதிய சீரியல்களில் வேறு தொல்லை: B-யும் 8-ம் மாறியிருக்கும், சிலர் சீரியலுக்குப் பதில் பெட்டி அடுக்கு எண்ணை எழுதியிருப்பார்கள். ஆலை அனுப்பும் பேக்கிங் லிஸ்ட்டில் எந்தப் பேட்ச்சில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று இருக்கும், அதற்கு வெளியே விழுந்த சீரியலையெல்லாம் திரும்பப் பார்த்துத் திருத்தினேன்.

எக்செல்லில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சீரியல் A பத்தியில், அதிலிருந்து மாதமும் பேட்ச்சும் D, E பத்திகளில், வாங்கிய நாளில் இருந்து பழுது சொன்ன நாள் வரை எத்தனை நாள் என்பது F-இல்:

```
D2: =MID(A2,6,4)
E2: =MID(A2,11,2)
F2: =C2-B2
=COUNTIFS(D:D,"2308",F:F,"<=180")
```

அந்த 180 நாள் ஏன்? அக்டோபரில் செய்த ஃபேன் ஜூனில் செய்ததைவிடக் குறைந்த காலமே வீடுகளில் ஓடியிருக்கும். மொத்தக் கம்ப்ளைன்ட்டை ஒப்பிட்டால் புது ஃபேன் எப்போதும் நல்ல ஃபேன் போலவே தெரியும், அதற்குப் பழுதாக நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. அதனால் எல்லா ஃபேனுக்கும் முதல் 6 மாதத்தை மட்டும் எண்ணினேன், 6 மாதம் முடியாத புது பேட்ச்சுகளைச் சேர்க்கவே இல்லை. இந்த 6 மாதத்துக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு: 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த நம் ஊர் லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பாடு. முதலாளிக்கு இந்த ஒரு வரி பட்டென்று புரிந்தது.

சீரியல் தெரிந்த 97-இல் இந்த வரம்புக்கு வெளியே விழுந்த 8 போக, 89 கோரிக்கைகள் இப்படிப் பிரிந்தன:

| செய்த மாதம் (2023) | விற்றது | 6 மாதத்துக்குள் பழுது | விழுக்காடு |
|---|---|---|---|
| ஜூன் | 900 | 6 | 0.7 |
| ஜூலை | 1,100 | 8 | 0.7 |
| ஆகஸ்ட் | 1,000 | 41 | 4.1 |
| செப்டம்பர் | 1,200 | 29 | 2.4 |
| அக்டோபர் | 800 | 5 | 0.6 |

ஏப்ரல் புழுக்கம் பற்றிய பேச்சு இந்த அட்டவணையோடு முடிந்தது. ஜூன், ஜூலை, அக்டோபர் ஃபேன்களும் அதே ஏப்ரலில் அதே மாதிரி வீவக வீடுகளில்தான் ஓடின.

சீரியல் கிடைக்காத அந்த 12 இந்த முடிவைக் குலைக்குமா என்றும் பார்த்தேன். வேண்டுமென்றே மோசமாக வைத்துப் பார்க்கலாம்: 12-ம் அக்டோபரில் செய்தவை என்று வைத்தால்கூட 17, அதாவது 2.1 விழுக்காடுதான். ஆகஸ்ட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் 'தரவு முழுசா இல்லையே' என்று கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விற்றது என்ற எண்ணிலும் ஒரு குறை இருக்கிறது, அது எங்கள் கிடங்கை விட்டுப் போனது, கடைக்காரர்கள் அலமாரியில் தூங்கும் ஃபேன்களும் அதில் அடக்கம். ஆகவே உண்மையான விகிதம் இதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும்.

செப்டம்பரின் 2.4 என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட்டில் ஏதோ நடந்து செப்டம்பரில் பாதி சரியானது என்று படித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் ஆலையில் பழுது அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையாது, பெரும்பாலும் ஒரு பெட்டி உதிரிப்பாகம் உள்ளே வரும்போது தொடங்கி அந்தப் பெட்டி தீரும்போது முடியும். பேட்ச் வாரியாகப் பிரித்ததும் அதுதான் வெளியே வந்தது. ஆகஸ்ட்டின் முதல் பேட்ச் 400-இல் 3, இரண்டாவது 300-இல் 18, மூன்றாவது 300-இல் 20. செப்டம்பர் முதல் பேட்ச் 400-இல் 24, அதற்குப் பிறகு வந்த இரண்டு பேட்ச்சும் சேர்ந்து 800-இல் வெறும் 5. அதாவது பழுதுக்கு மாதக் கணக்கு கிடையாது. ஆகஸ்ட் B2-இல் தொடங்கி செப்டம்பர் B1-ஓடு முடிகிறது, அந்த 1,000 ஃபேனில் 62. அதே இரண்டு மாதத்தின் மற்ற 1,200-இல் 8 மட்டுமே, மற்ற மாதங்களின் அதே அளவு. செப்டம்பரின் 2.4 என்பது ஆறு விழுக்காட்டையும் அரை விழுக்காட்டையும் ஒரே சட்டியில் கலக்கியதால் வந்த எண், அப்படி ஒரு ஃபேன் எங்குமே இல்லை.

புங்கோல் குத்தகைக்காரர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். அவர் எங்களிடம் வாங்கியது 120 ஃபேன், அதில் 70 இந்த மூன்று பேட்ச்சைச் சேர்ந்தவை, ஒரே நாளில் ஒரே அடுக்காகப் போயிருக்கின்றன. பழுதான 6-ம் அந்த 70-இல்தான். மீதி 50 ஃபேனை அதே ஆள், அதே கையால், அதே பிளாக்குகளில் மாட்டினார், ஒன்றும் திரும்பி வரவில்லை. 50 என்பது சின்ன எண், அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பேட்ச்சுகள் மற்ற எலக்ட்ரீஷியன்கள் கையிலும் அதே வேகத்தில் பழுதாகியிருந்தன. பாவம் அந்த மனிதர், கடிதம் போயிருந்தால் எங்கள் முகத்தில் விழித்திருப்பாரா?

இதுவரை எல்லாம் காகிதம். இனி ஃபேனைத் திறக்க வேண்டும். திரும்பி வந்தவற்றில் இந்த மூன்று பேட்ச்சைச் சேர்ந்த 22 ஃபேனின் கப்பாசிட்டர்களை அண்ணன் கழற்றி, முதலில் இரண்டு முனையையும் இணைத்து மிச்ச மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, மீட்டரில் வைத்தார். 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 1.1, 1.4, 1.6 என்று வந்தது. கப்பாசிட்டரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும், 22-இல் 21-இல் அது `2331`. 2023-இன் 31-ஆம் வாரம், அதாவது ஜூலை 31-இல் தொடங்கும் வாரம்.

பழுதானதில் அதே எண் இருந்தால் மட்டும் போதாது, பழுதாகாத ஃபேனிலும் எல்லாவற்றிலும் அதே எண் இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நிறைய பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். கிடங்கில் விற்காமல் இருந்த அதே பேட்ச் ஃபேன்களில் 30-ஐத் திறந்தோம். 17-இல் `2331`, 13-இல் வேறு வாரங்கள். பழுதானதில் ஏறக்குறைய முழுவதும், நல்லதில் பாதிக்குச் சற்று மேல். இப்போதுதான் அந்த எண் மீது சந்தேகம் உறுதியானது. முன்னும் பின்னும் உள்ள ஆகஸ்ட் B1, செப்டம்பர் B2 பேட்ச்சுகளில் தலா 20 திறந்தோம், ஒன்றிலும் இல்லை. இருபதில் இல்லை என்றால் நானூறில் இல்லவே இல்லை என்று ஆகாது, அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன். ஃபேனின் பேட்ச் எண் நம்மைத் தெரு வரைக்கும் கொண்டுபோய் விடும், வீட்டைக் காட்டியது கப்பாசிட்டரின் எண்.

ஒரு விஷயம் எங்களைத் திகைக்க வைத்தது. விற்காத ஃபேன்களில் இருந்த அந்த 17 `2331`-ம் மீட்டரில் 2.4, 2.5 என்று சுத்தமாக இருந்தன. பெட்டியில் வரும்போதே சோதித்திருந்தால்கூட இதைப் பிடித்திருக்க முடியாது. பழுதான ஒன்றை அறுத்துப் பார்த்தபோது விளங்கியது. மேலே ஊற்றியிருந்த ரெசின் டப்பாவின் ஓரத்தை விட்டு முடி அளவு விலகி நின்றது, உள்ளே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் வெள்ளி நிறத்தில் பளபளக்க வேண்டியது, அங்கங்கே கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்தப் பளபளப்பு ஃபிலிம் மேல் பூசிய மிக மெல்லிய உலோகப் படலம். ஈரம் உள்ளே போய், கூடவே மின்னழுத்தமும் இருந்தால் அது அரித்துப் போகும், போன அளவுக்குக் கப்பாசிட்டரின் கொள்ளளவும் குறையும். ஓடாமல் பெட்டியில் கிடந்தால் அது அவ்வளவு சீக்கிரம் நடக்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் சுவிட்சைப் போட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். கப்பாசிட்டரின் மேல் 25/85/21 என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள், அந்தக் கடைசி 21 என்பது 40 டிகிரி சூட்டில், 93 விழுக்காடு ஈரப்பதத்தில் 21 நாள் வைத்துச் சோதிக்கும் வகை என்று பொருள். சோதனைக்குப் போன மாதிரி தேறியிருக்கலாம், 31-ஆம் வாரம் ரெசின் ஊற்றிய டப்பா தேறவில்லை.

வீக்கமோ கருகலோ ஒன்றிலும் இல்லை என்பதையும் தனியாகக் குறித்துக்கொண்டோம். இருந்திருந்தால் பேச்சே வேறு, அதை வாரண்டி மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆலைக்கு சீரியல் பட்டியலும் படங்களும் அனுப்பினோம். அவர்கள் ஸ்டோர் பதிவைப் பார்த்து, `2331` பெட்டிகள் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் லைனுக்குப் போய் செப்டம்பர் முதல் வாரத்தில் தீர்ந்தன என்று பதில் போட்டார்கள், நடுவில் வேறு வாரத்துப் பெட்டிகளும் கலந்து போயிருக்கின்றன. நாங்கள் கண்ட பேட்ச் எல்லையோடு அது அப்படியே ஒத்துப்போனது.

கிடங்கில் இருந்ததை நிறுத்திக் கப்பாசிட்டரை மாற்றினோம், கடைகளில் இருந்ததைத் திரும்பக் கேட்டோம். விற்றுப்போன 1,000 பற்றித்தான் சண்டை. எல்லாருக்கும் நாமே போன் போட்டு மாற்றித் தருவோம் என்றேன் நான். கப்பாசிட்டர் விலை சில வெள்ளிதான், வீட்டுக்கு ஆள் போய் வருவதுதான் செலவு என்றார் முதலாளி. கடைசியில் அந்த சீரியல்களுக்கு வாரண்டியை நீட்டி, கூப்பிடுபவருக்கு உடனே மாற்றுவது என்று முடிவானது. எனக்கு இன்னமும் அதில் உடன்பாடில்லை, தள்ளிவிட்டால் சுற்றுகிறதே என்று கூப்பிடாமலே இருப்பவர்கள் நிறைய.

அந்த 9 இரட்டைப் பதிவுக்கு வருகிறேன். அறிக்கையை முடித்து அனுப்பும் அன்று சாயங்காலம் அண்ணன் வந்து, "தம்பி, தெம்பனீஸ்ல ஒரு வீடு, நான் ஏப்ரல்ல கப்பாசிட்டர் மாத்தின ஃபேனு, மறுபடியும் அதே மாதிரி ஆயிருச்சு" என்றார். நீக்கிய 9-ஐத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 4 உண்மையிலேயே ஒரே கம்ப்ளைன்ட் இரண்டு தடவை பதிவானவை. மீதி 5-இல் இரண்டு பதிவுக்கும் இடையே மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி, நான் தேதியைப் பார்க்காமல் சீரியலை மட்டும் பார்த்து அடித்திருக்கிறேன். இரண்டு பேரும் கீழே போய் சர்வீஸ் வேனைத் திறந்தோம். உதிரிப்பாகப் பெட்டியில் கப்பாசிட்டர்கள் ஒரு கட்டு இருந்தது, அதே கன்டெய்னரில் உபரியாக வந்தவை. அண்ணன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். `2331`.